கான்கிரீட் தள லோடு டெஸ்ட்: பூஜ்ய ரீடிங் முதல் மீட்சிக் கணக்கு வரை

லோடு டெஸ்ட் என்றதும் மூட்டை அடுக்குவதுதான் வேலை என்று புதிதாக வரும் பொறியாளர்கள் நினைக்கிறார்கள். மூட்டை அடுக்குவதைக் கூலியாட்கள் நன்றாகவே செய்துவிடுவார்கள். டெஸ்ட் கெட்டுப்போவது வேறு இடத்தில்: எந்த எடை ஏறிய பிறகு தொய்வை அளக்கும் டயல் கேஜைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டோம், எந்த எடையை மட்டும் இறக்கினோம், எத்தனை மணிக்கு ரீடிங் பார்த்தோம் என்ற மூன்றிலும்தான். இதில் ஒன்று பிசகினாலும் நல்ல ஸ்லாப் தோற்றுவிடும், மோசமான ஸ்லாப் தேறிவிடும்.

திருமங்கலம் பக்கம் நாங்கள் செய்த ஒரு டெஸ்டை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன். டியூஷன் சென்டருக்காகக் கட்டிய கட்டடம். தரைத்தளக் கூரை போட்டாகிவிட்டது. அதன்மேல் வகுப்பறைகள் வர வேண்டும். கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்த்த கியூப் ரிசல்ட் குறைந்தது. எம்20 கான்கிரீட்டுக்குக் கோர், அதாவது தளத்திலிருந்தே துளைத்து உருளை எடுத்துப் பார்த்ததில் மூன்று கோர்களின் சராசரி வலிமை சதுர மி.மீ.-க்கு 16.4 நியூட்டன் வந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியக் கோடு ஐ.எஸ். 456 கேட்பது, சராசரி குறித்த வலிமையில் 85 சதவீதம், அதாவது 17. தனித்தனியாக எந்தக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தனி மதிப்புகள் தப்பின, சராசரி தப்பவில்லை. அதனால்தான் லோடு டெஸ்டுக்கு வந்தோம்.

1. முதலில் காகிதத்தில் கணக்கு

அறையின் உள் அகலம் 3.5 மீட்டர், நீளம் 8 மீட்டர். ஸ்லாப் கனம் 150 மி.மீ. இரண்டு நீளச் சுவர்களில் மட்டும் உட்காரும் ஒருவழித் தளம். தளத்தின் மேல்பக்கத்திலிருந்து கம்பியின் மையம் வரையான பயனுறு ஆழம் 125 மி.மீ. என்பதால் பயனுறு ஸ்பான் 3.5 + 0.125 = 3.625 மீட்டர். சுவர் மையத்துக்கு மையம் அளந்தால் 3.73 வரும். இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். பெரியதைப் போட்டால் அனுமதிக்கும் தொய்வு தானாகவே கூடி, ஸ்லாப்புக்குச் சலுகை கொடுத்ததாகிவிடும்.

ஐ.எஸ். 456 பிரிவு 17.6 கேட்கும் எடை, முழு நிலைச்சுமையும் பயன்பாட்டுச் சுமையைப் போல் 1.25 மடங்கும். வகுப்பறைக்குப் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன். அதை 1.25 ஆல் பெருக்கினால் 3.75. தளத்தின் சொந்த எடை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆனால் டைல்ஸும் அதன் அடிக்கலவையும் இன்னும் போடவில்லை. டிசைனில் அதற்கு 1 கிலோநியூட்டன் வைத்திருந்தார்கள். அதுவும் நிலைச்சுமைதான், நாம்தான் ஏற்றி வைக்க வேண்டும்.

28 சதுர மீட்டர் பரப்புக்கு இதை எடையாக மாற்றினால், டைல்ஸுக்குப் பதிலாக சுமார் 2,855 கிலோ, டெஸ்ட் சுமையாக சுமார் 10,700 கிலோ.

அடுத்தது, தொய்வின் எல்லை. 24 மணி நேரச் சுமையில் அதிகபட்சத் தொய்வு கீழ்க்கண்டதைவிடக் குறைவாக இருந்தால், எடையை இறக்கியபின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்ற மீட்சியை அளக்கவே தேவையில்லை; இல்லையென்றால் இறக்கிய 24 மணி நேரத்துக்குள் தொய்வில் 75 சதவீதமாவது திரும்ப வேண்டும்.

```
40 l² / D
l = 3.625 (மீட்டர்),  D = 150 (மி.மீ.)
40 × 13.14 / 150 = 3.50 மி.மீ.
```

l மீட்டரில், D மி.மீ.-இல், விடை மி.மீ.-இல். இரண்டையும் மி.மீ.-இல் போட்டுவிட்டு, "சார், 35 லட்சம் மி.மீ. வருதே" என்று போன் பண்ணியவர்கள் உண்டு. அது பரவாயில்லை, பார்த்ததும் தப்பு என்று தெரியும். D-க்குப் பதில் 125 போடுவதுதான் சத்தமில்லாத தப்பு: எல்லை 4.20 ஆகிவிடும், யார் கண்ணிலும் படாது. D என்பது முழுக் கனம்.

இந்த விலக்கு எதற்கு? தொய்வு மிகச் சிறியதாக இருந்தால் அதில் எத்தனை சதவீதம் திரும்பியது என்ற கணக்குக்கு அர்த்தமில்லை. ஒரு மி.மீ. தொய்ந்த தளத்தில் வெயிலும் கேஜ் ஸ்டாண்டும் சேர்ந்தே கால் மி.மீ. பிசகு காட்டிவிடும். அதற்காக 75 சதவீதம் வரவில்லை என்று விறைப்பான தளத்தைத் தள்ளுவது நியாயமில்லை.

எவ்வளவு தொய்வு வரும் என்று முன்கூட்டியே ஒரு மதிப்பும் கையில் இருக்கட்டும். வெடிக்காத தளம் என்று வைத்து, கான்கிரீட் வலிமை 16 என்று எடுத்தால் 3.75 சுமைக்கு 1.5 மி.மீ. வரும். ஆனால் இந்த எடையில் நடு ஸ்பானில் வளைவுத் திருப்பம் 14 கிலோநியூட்டன் மீட்டர். இந்தத் தளம் வெடிக்கத் தொடங்குவது ஏறக்குறைய 10.5-இல். ஆகவே டெஸ்டின்போதே அடியில் மயிரிழை வெடிப்பு வரும், தொய்வு இரண்டு மூன்று மடங்காகும் என்று எதிர்பார்த்தோம். இந்த எண் கையில் இல்லாமல் மேலே ஏறினால், 3 மி.மீ. வந்ததும் பயந்து நிறுத்துவதா, 8 மி.மீ. வந்தும் தொடர்வதா என்று முடிவெடுக்க முடியாது.

2. எடை எதில், எத்தனை

தண்ணீர் தேக்கலாம். 38 செ.மீ. ஆழத் தண்ணீர் 3.75 கிலோநியூட்டனுக்குச் சமம், சீராகவும் பரவும். ஆனால் வெடிப்பு வழியே கசிந்து கேஜ் மேலேயே சொட்டும். அங்கே கரிசல் மண் வேறு; சுவர் ஓரம் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் பழைய சிமென்ட் சாக்குகளில் எம்-சாண்ட் கட்டினோம்.

மதுரை கீழமாசி வீதி மண்டி ஒன்றிலிருந்து பிளாட்பாரத் தராசு வாடகைக்கு வந்தது. ஒவ்வொரு மூட்டையையும் 40 கிலோவுக்குச் சரிசெய்து வாயைத் தைத்தோம். 268 மூட்டை. நான்கு தவணை, தவணைக்கு 67. பத்து மூட்டையை மட்டும் எடைபோட்டுச் சராசரி எடுப்பது வழக்கம்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: காலையில் கட்டிய மூட்டையும் ஆள் களைத்த பிறகு மாலையில் கட்டிய மூட்டையும் ஒன்றாக இருக்காது. கட்டிய மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஒரு மழை நனைத்தால் எடை கூடிவிடும். கூடியது எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

டைல்ஸுக்கு ஈடான எடையை மட்டும் மூட்டையில் வைக்கவில்லை, செங்கல்லில் வைத்தோம். எடைபோட்டதில் ஒரு கல் 3 கிலோ, ஆக சுமார் 950 கல். காரணம் எளிது: டெஸ்ட் முடிந்து எடையை இறக்கும்போது மூட்டை மட்டும் இறங்க வேண்டும், செங்கல் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி மூட்டையாக இருந்தால் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். ஒருமுறை வேறொரு இடத்தில் அப்படித்தான் நடந்தது. நிலைச்சுமையும் சேர்ந்து இறங்கியதால் மீட்சி 100 சதவீதத்தைத் தாண்டியது. உடன் இருந்த ஒருவர் ஸ்லாப் பிரமாதம் என்றார்.

3. அடியில் முட்டு, ஆனால் தொடாமல்

தளம் உடைந்தால் தாங்குவதற்கு அடியில் முட்டு கட்டாயம். ஆனால் முட்டின் தலைக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே இடைவெளி வேண்டும். நாங்கள் 40 மி.மீ. விட்டோம். எதிர்பார்க்கும் தொய்வைவிட இது பல மடங்கு. அதே சமயம் தளம் சரிந்தால் வேகம் எடுக்குமுன் தாங்கிவிடும்.

சென்ட்ரிங் ஆட்களுக்கு முட்டு என்றால் ஆப்பு வைத்து இறுக்குவதுதான் பழக்கம். சொல்லிவிட்டு வந்தாலும், "லூசா நிக்குது சார்" என்று ஒரு தட்டுத் தட்டி இறுக்கிவிடுவார்கள். அப்புறம் ஸ்லாப் தாங்குகிறதா, முட்டு தாங்குகிறதா என்று தெரியாது. தொய்வு சந்தேகப்படும்படி குறைவாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு மரச்சக்கையை எல்லா முட்டின் தலைக்கு மேலும் நுழைத்து இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் போக வேண்டும்.

அதே நாளில் ஸ்லாப்பின் அடிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை அடித்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளை நீலத்தில் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். வெள்ளைமேல் புது மயிரிழையும் தெரியும். பழசா புதுசா என்ற சண்டையும் வராது.

4. கேஜ் வைப்பது

0.01 மி.மீ. நுட்பமும் 25 மி.மீ. ஓட்டமும் உள்ள டயல் கேஜ் போதும். நடு ஸ்பான் கோட்டில் மூன்று வைத்தோம்: அறை நீளத்தின் நடுவில் ஒன்று, இருபுறமும் 2 மீட்டர் தள்ளி ஒவ்வொன்று. தீர்ப்பு நடுக் கேஜை வைத்துத்தான். மற்ற இரண்டும் அது பொய் சொல்கிறதா என்று பார்க்க. அதோடு இரண்டு சுவர்களை ஒட்டியும் ஒவ்வொரு கேஜ்.

சுவர் ஓரக் கேஜைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து டன் ஏறினால் சுவரும் கொஞ்சம் அமுங்கும். கரிசலில் நிற்கும் சுவர் என்றால் இன்னும் அதிகம். அந்த இறக்கம் ஸ்லாப்பின் தொய்வு அல்ல. இரண்டு சுவர்களின் இறக்கச் சராசரியை நடுக் கேஜிலிருந்து கழிக்க வேண்டும். எங்கள் டெஸ்டில் நடுக் கேஜ் 4.83 காட்டியது, சுவர்ச் சராசரி 0.19. தளத்தின் தொய்வு 4.64.

கேஜின் முனை படும் இடத்தில் சொரசொரப்பு இருக்கக் கூடாது. சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டி அதில் முனையைத் தொடவிடுங்கள். முனையை 10 மி.மீ. அளவு உள்ளே அழுத்தி நிறுத்துங்கள், மேலும் கீழும் போக இடம் இருக்கும். பெரிய முள்ளின் ஒரு சுற்று 1 மி.மீ.; சின்ன முள்ளைப் பார்க்காமல் 4.83-ஐ 0.83 என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டாண்ட் விஷயத்தில் சற்று நிற்கலாம். கேஜ் ஸ்டாண்ட் முட்டோடும் சாரத்தோடும் ஒட்டவே கூடாது. அறைக்குள் தரை இன்னும் கான்கிரீட் போடாத மண் நிரப்பலாக இருந்தது. அதில் ஸ்டாண்டை நிறுத்தினால் அது மெதுவாகப் புதையும். ஸ்டாண்ட் அமுங்கினால் கேஜ் காட்டும் தொய்வு குறையும். ஆபத்தான பக்கம் சாயும் தப்பு இது, ஸ்லாப்புக்கு இல்லாத நல்ல பெயரை வாங்கித் தரும். அதனால் நிரப்பலைத் தோண்டி, கெட்டித்தரை மேல் கான்கிரீட் கட்டை போட்டு, அதில் ஸ்டாண்டை நிறுத்தினோம்.

இன்னொன்று வெப்பம். 2.8 மீட்டர் உயர இரும்புக் குழாய் 10 டிகிரி சூடேறினால் 0.34 மி.மீ. நீளும். நீண்டால் கேஜை ஸ்லாப்போடு சேர்த்து அழுத்தும். தளம் தொய்ந்த மாதிரியே காட்டும். ஜன்னல் வழியே வெயில் விழும் அறை என்றால் சாக்குப்படுதா கட்டி மறைத்துவிடுங்கள்.

5. எடை இல்லாமல் ஒரு நாள்

யாரும் செய்யாத படி இது. நான் விடுவதே இல்லை. எல்லாக் கேஜும் வைத்தபின் எந்த எடையும் ஏற்றாமல் ஒரு முழு நாள் மணிக்கொருமுறை ரீடிங் எடுங்கள்.

வெயில் நேரடியாக விழும் தளத்தில் மேல்பக்கம் சூடாகி விரியும், அடிப்பக்கம் அவ்வளவு விரியாது. தளம் மேல்நோக்கி வில்லாகும். 150 மி.மீ. கனத்தில் மேலுக்கும் கீழுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால், இந்த ஸ்பானில் நடு கிட்டத்தட்ட 1.1 மி.மீ. மேலே எழும். நாங்கள் அந்த வெற்று நாளில் விடியற்காலைக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் கண்டது 0.9 மி.மீ. எடையே இல்லாமல்! மீட்சிக் கணக்கில் நாம் தேடும் மிச்சத் தொய்வும் இதே அளவுதான். இரண்டும் கலந்தால் எது எது என்று பிரிக்க முடியாது.

இதற்கு மூன்று காரியம் செய்தோம். தளத்துக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டோம். கால்களைத் தளத்தில் ஊன்றாமல் வெளியே தரையில் ஊன்றினோம். மாடிப்படிக்கு அந்தப் பக்கம் இதே அளவில் இன்னோர் அறை இருந்ததால், எடை ஏற்றாத அந்தத் தளத்தின் நடுவிலும் ஒரு கேஜ் வைத்தோம். அதைச் சாட்சி கேஜ் என்போம். அது காட்டும் அசைவு முழுக்க வெப்பத்தால் வந்தது, அதை நம் ரீடிங்கிலிருந்து நீக்கிவிடலாம். மூன்றாவது, முக்கிய ரீடிங் எல்லாம் இரவின் பின்பகுதியிலோ காலை 9 மணிக்குள்ளோ வரும்படி வேலையை வைத்துக்கொண்டோம். பந்தல் போட்டபின் சாட்சி கேஜ் ஒரு நாளில் 0.15-க்கு மேல் ஆடவில்லை.

6. செங்கல், பிறகு பூஜ்யம்

கோடு சொல்வது பயன்பாட்டுச் சுமையால் மட்டும் வரும் தொய்வை. ஆகவே செங்கல் 950-ஐயும் பரப்பி, ஒரு நாள் விட்டு, அதன் தொய்வு அடங்கிய பிறகே பூஜ்ய ரீடிங். எங்களுக்கு அது அதிகாலை 3 மணி.

செங்கல்லுக்கு முன்பே பூஜ்யம் எடுத்தால் டைல்ஸ் எடையின் தொய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். செங்கல்லை இறக்காததால் அந்தப் பங்கு திரும்பவே வராது. மீட்சி வீணாகக் குறையும். தேற வேண்டிய தளம் தோற்கும் வழிகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான். கல்லையும் நெருக்கி அடுக்காதீர்கள். ஒன்றோடொன்று முட்டினால் தளம் தொய்யும்போது கற்கள் வளைவு போல இறுகி எடையைச் சுவருக்கே கொண்டுபோய்விடும்.

7. மூட்டை ஏற்றுதல்

மூட்டைக்கும் இதே வளைவு ஆபத்து உண்டு. இரண்டு மூன்று மூட்டை உயரத்தில் தனித்தனி அடுக்காக, அடுக்குக்கு அடுக்கு ஒரு கை நுழையும் சந்து விட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தவணையிலும் 67 மூட்டையும் பரப்பு முழுக்கச் சீராக விழ வேண்டும். மூட்டையைத் தளத்தின் நடுவில் குவித்து வைத்துக்கொண்டு அங்கிருந்து எடுத்துப் பரப்பக் கூடாது. அந்தக் குவியலே டெஸ்ட் சுமையைவிட அதிகமாகிவிடும். மாடிப்படிப் பக்கத்திலிருந்து கைமாற்றித்தான் வர வேண்டும்.

ஒரு தவணை முடிந்ததும் கேஜ் நிலைக்கும்வரை நிறுத்தி, ரீடிங் எழுதி, அடுத்த தவணை. ஏற்றும்போது அடியில் யாரும் நிற்கக் கூடாது. முள் எடை கூடாமலேயே ஓடிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இறக்குங்கள்.

எங்களுக்கு வந்தது, சுவர் இறக்கமும் வெப்பமும் கழித்த பிறகு:

```
தவணை 1  : 0.40 மி.மீ.
தவணை 2  : 0.96
தவணை 3  : 2.31
தவணை 4  : 3.82
24 மணி  : 4.64
```

இரண்டாவது தவணைக்குப் பிறகு ஓட்டம் மாறுவதைப் பாருங்கள். அந்த இடத்தில்தான் தளம் வெடித்தது. வெள்ளை அடித்த அடிப்பக்கத்தில் நடு ஸ்பானில் இரண்டு மயிரிழைகள், சுவருக்கு இணையாக. கணக்கும் சதுர மீட்டருக்கு 1.6 கிலோநியூட்டன் அருகே வெடிக்கும் என்றுதான் சொல்லியிருந்தது. எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த திசையில் வந்த வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். சுவர் ஓரமாகச் சாய்வாக வெடித்தால் அது வேறு கதை. அது வெட்டுவிசை, அங்கே தொய்வை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

கட்டட உரிமையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு மில்லிதானே சார், கண்ணுக்கே தெரியலையே" என்றார். கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் 4.64 என்பது 3.50-ஐத் தாண்டிவிட்டது. விலக்கு கிடையாது, மீட்சியை அளந்தே ஆக வேண்டும்.

8. இறக்குதலும் மீட்சிக் கணக்கும்

24 மணி நேரம் முழுச் சுமை ஏறி முடிந்த நிமிடத்திலிருந்து ஓடும், முதல் மூட்டை ஏறியதிலிருந்து அல்ல. எங்களுக்கு முதல் நாள் காலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. 24-ஆம் மணி ரீடிங்கை எடுத்த பிறகே ஒரு மூட்டையைத் தொட வேண்டும். இறக்குவதும் சீராக, எல்லாப் பக்கமும். காலை 9-க்கு மூட்டை முழுக்க இறங்கியது, செங்கல் அப்படியே இருந்தது.

இறக்கியதும் மிச்சத் தொய்வு 1.71. அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கான்கிரீட்டில் ஒரு பங்கு மெதுவாகத்தான் திரும்பும். அதனால்தான் கோடு இன்னொரு 24 மணி நேரம் தருகிறது. மறுநாள் காலை 9-க்கு மிச்சம் 1.27.

```
மீட்சி = (4.64 − 1.27) / 4.64 = 72.6 %
```

75 சதவீதம் வரவில்லை. இங்கே பலர் தளம் தோற்றது என்று எழுதிவிடுகிறார்கள். கோடு அப்படிச் சொல்லவில்லை. 72 மணி நேர இடைவெளி விட்டு டெஸ்டைத் திரும்பச் செய்யலாம் என்கிறது. அந்த இரண்டாவது டெஸ்டில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால்தான் தளம் ஏற்கத்தக்கதல்ல.

முதலில் 75, அடுத்து 80 என்று ஏன் கூடுகிறது? முதல் தடவை எடை ஏறும்போது புது வெடிப்பு திறக்கிறது, கம்பி கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் வழுக்கி இடம்பிடிக்கிறது. திறந்த வெடிப்பு முழுதாக மூடாது. இது ஒருமுறைச் செலவு. அடுத்த தடவை மறுபடி நடக்கக் கூடாது. நடந்தால் கம்பி எட்டக் கூடாத இடத்தை எட்டுகிறது, அல்லது கான்கிரீட் பிடிப்பு விட்டுப்போகிறது என்று அர்த்தம். அதனால் இரண்டாம் முறை தளத்திடம் அதிகம் கேட்கிறோம்.

9. இரண்டாவது டெஸ்ட்

72 மணி நேரத்தை எந்த நேரத்திலிருந்து எண்ணுவது என்று கேட்பார்கள். மீட்சி ரீடிங் எடுத்து முடித்த நேரத்திலிருந்து எண்ணுவேன். ஒரு நாள் கூடினால் நட்டமில்லை, குறைந்தால் கேள்வி வரும். அந்த மூன்று நாளும் கேஜை எடுக்காதீர்கள், பந்தலையும் பிரிக்காதீர்கள்.

புதுப் பூஜ்யம் எடுத்துக்கொண்டு, அதே 268 மூட்டை, அதே நான்கு தவணை. இந்த முறை வந்தது:

```
தவணை 1  : 0.78 மி.மீ.
தவணை 2  : 1.58
தவணை 3  : 2.41
தவணை 4  : 3.29
24 மணி  : 3.78
இறக்கி 24 மணி கழித்து மிச்சம் : 0.52
மீட்சி = (3.78 − 0.52) / 3.78 = 86.2 %
```

தவணைக்குத் தவணை ஏறக்குறைய சம அளவில் கூடுகிறது, நடுவில் முறிவு இல்லை. வெடிக்க வேண்டியது ஏற்கெனவே வெடித்துவிட்டது, புதிதாக எதுவும் நடக்கவில்லை என்பதற்கு 86 என்ற எண்ணைவிட இந்த நேர்க்கோட்டையே நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்வேன். அடிப்பக்கத்தில் புது வெடிப்பும் இல்லை.

பூஜ்யம் பற்றி இங்கே ஒரு தகராறு வரும். முதல் டெஸ்டின் மிச்சத்தையும் சேர்க்க வேண்டாமா என்று. வேண்டாம். இரண்டாவது டெஸ்டின் மீட்சி அந்த டெஸ்டில் வந்த தொய்வுக்கு மட்டும். ஆனால் முதல் மிச்சத்தையும் ரிப்போர்ட்டில் எழுதி வையுங்கள், மறைக்க எதுவும் இல்லை.

10. ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது

தளம் ஏற்கத்தக்கது என்ற ஒரே வரி போதாது. எந்த அறை, எந்த ஸ்பான், என்ன பயன்பாட்டுச் சுமைக்கு டெஸ்ட் செய்தோம் என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். நாங்கள் எழுதியது: இந்த ஓர் அறைத் தளம் 3 கிலோநியூட்டன் வகுப்பறைச் சுமைக்கு வளைவில் ஏற்கத்தக்கது. கான்கிரீட் 16.4-தான் என்பது மாறவில்லை. அதன் நீடிப்பு, கம்பி துருப்பிடிப்பது பற்றி இந்த டெஸ்ட் எதுவும் சொல்லாது. அதனால் அடிப்பக்கத்துக்குப் பூச்சு தவறாமல் வேண்டும் என்று தனியாக எழுதினோம். சாட்சி கேஜ் வைத்த பக்கத்து அறை டெஸ்ட் செய்யப்படவில்லை என்பதையும் எழுதினோம். ஒரே நாளில் ஒரே கலவையில் போட்டதுதானே என்று வாதம் வந்தது. கோர் எடுத்தது இந்த அறையில் மட்டும்தான்.

ரிப்போர்ட் கைக்கு வந்த வாரமே உரிமையாளர் போன் பண்ணினார். தேறிவிட்டதே, மேல்தளம் கட்டும்வரை 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை இதன் நடுவில் வைத்துக்கொள்ளலாமா என்றார். தொட்டி நிறைந்தால் இரண்டு டன். அது உட்காரும் இடம் இரண்டு சதுர மீட்டர்கூட இல்லை. சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டனுக்கு மேல் வரும், நாங்கள் பார்த்ததோ 3.75. சுவருக்கு நேர் மேலே இரண்டு இரும்பு கர்டர் குறுக்கே போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னேன். அப்படியே வைத்தார்.